பயிற்சியாளர் மாறினார், அணி மாறியதா?

2018 டிசம்பர் 18 அன்று காலை, மான்செஸ்டர் யுனைடெட் தன் பயிற்சியாளர் ஜோசே மொரினியோவை நீக்கியது. மறுநாள் ஓலே குன்னர் சோல்ஷ்யர் சீசன் முடியும்வரை தற்காலிகமாகப் பொறுப்பேற்பார் என்ற அறிவிப்பு வந்தது. அடுத்த ஆட்டம் டிசம்பர் 22 அன்று கார்டிஃப் நகரில். இடையில் இருந்தவை சில பயிற்சி நாள்கள் மட்டுமே. பிரிட்டனில் கால்பந்துப் பந்தயம் உரிமம் பெற்ற தொழில். அங்குள்ள பந்தய நிறுவனங்களில் விலை போடும் வேலையில் இருப்பவர்கள் அந்தச் சில நாள்களுக்குள் ஒரு கேள்விக்கு எண்ணால் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. சனிக்கிழமை களமிறங்கப் போகும் யுனைடெட் எவ்வளவு வலுவான அணி?

விலை என்று இங்கே சொல்வது நிகழ்தகவின் மறுவடிவம். ஓர் அணி வெல்ல 50 சதவீத வாய்ப்பு உண்டு என்றால் அதன் நியாயமான விலை 2.00. அதாவது 100 பவுண்டு கட்டியவர் வென்றால், கட்டிய பணமும் சேர்த்து 200 பவுண்டு பெறுவார். வாய்ப்பு 25 சதவீதம் என்றால் விலை 4.00. ஒன்றை நிகழ்தகவால் வகுத்தால் விலை கிடைத்துவிடும். நிறுவனம் தன் இலாபத்துக்காக அதைக் கொஞ்சம் குறைத்து வெளியிடும். ஆக, விலை போடுபவரின் உண்மையான வேலை நிகழ்தகவைச் சரியாகக் கணிப்பதுதான். அதற்கு அவர் கையில் இருக்கும் முதல் கருவி அணியின் பழைய ரேட்டிங்.

ரேட்டிங் என்றதும் தமிழ் வாசகர்களுக்குச் சதுரங்கம் நினைவுக்கு வரும். குகேஷ், பிரக்ஞானந்தா பெயர்களோடு செய்தித்தாள்களில் வரும் எலோ எண், அமெரிக்காவில் வாழ்ந்த ஹங்கேரி வம்சாவளி இயற்பியல் பேராசிரியர் ஆர்பாட் எலோ வகுத்தது. வென்றால் ஏறும், தோற்றால் இறங்கும். வலுவான எதிராளியை வென்றால் அதிகம் ஏறும். கால்பந்து அணிகளுக்கும் இதே முறையில் ரேட்டிங் போடுகிறார்கள். இன்னொரு வழி, ஒவ்வோர் அணிக்கும் இரண்டு எண்கள் வைப்பது: கோல் அடிக்கும் திறனுக்கு ஒன்று, கோல் வாங்காமல் காக்கும் திறனுக்கு ஒன்று. இந்த வழியில் மார்க் டிக்ஸன், ஸ்டூவர்ட் கோல்ஸ் இருவரும் 1997-இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் இன்றும் அடிப்படைப் பாடம். பழைய ஆட்டங்களுக்குப் படிப்படியாக எடையைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும் என்று அவர்கள் சொன்னார்கள். இங்கிலாந்து ஆட்டங்களை வைத்து அவர்கள் கண்ட வேகத்தைக் கணக்கிட்டால், ஏறத்தாழ ஓராண்டுக்கு முன் நடந்த ஆட்டத்துக்கு நேற்றைய ஆட்டத்தின் பாதி எடை கிடைக்கிறது.

சாதாரணக் காலத்தில் இந்த நிதானம் நல்லது. கால்பந்தில் கோல்கள் குறைவு. கம்பத்தில் பட்டுத் திரும்பிய ஒரு பந்து, தவறாகக் கொடுத்த ஒரு பெனால்டி ஆகியவையே முடிவை மாற்றிவிடும். ஒரே வார ஆட்டத்தைப் பார்த்து மதிப்பீட்டைத் தூக்கி எறிபவர் நீடிக்க மாட்டார். ஆனால் இந்த முறைகளின் அடியில் ஓர் ஊகம் இருக்கிறது: நேற்று ஆடிய அணியும் நாளை ஆடப்போகும் அணியும் ஒன்றே, மாற்றம் இருந்தாலும் மெதுவாகத்தான் இருக்கும் என்பது அந்த ஊகம். சீசன் நடுவில் பயிற்சியாளர் மாறும்போது, சட்டை அதே சட்டைதான். ஆனால் யார் ஆடுவார், எங்கே நிற்பார், எப்போது முன்னேறுவார் என்பதெல்லாம் ஒரே வாரத்தில் மாறலாம். அப்போது ஓராண்டு நினைவை நம்பும் ரேட்டிங் இல்லாத ஓர் அணிக்கு விலை சொல்லிக்கொண்டிருக்கும்.

எனவே பழையதைத் தள்ளிவிட்டுப் புதிய ஆட்டங்களை மட்டும் பார்த்தால் போதும் என்று தோன்றும். அதில்தான் பெரிய பள்ளம் இருக்கிறது.

பயிற்சியாளர்கள் ஏதோ ஒரு நாளில் நீக்கப்படுவதில்லை. அணி தொடர்ந்து தோற்று, எதிர்பார்த்ததைவிட மிகக் கீழே போன பிறகே நீக்கப்படுகிறார்கள். அந்தச் சரிவில் ஒரு பங்கு உண்மையான குறைபாடு. இன்னொரு பங்கு வெறும் துரதிர்ஷ்டம். துரதிர்ஷ்டம் தானே நின்றுவிடும் தன்மை உடையது. அப்படியானால் பயிற்சியாளர் மாறாமல் இருந்தாலும் அடுத்த சில வாரங்களில் அணி ஓரளவு எழுந்திருக்கும். புதியவர் வந்த நேரமும் அந்த எழுச்சியின் நேரமும் ஒன்றாக அமைவதால், பாராட்டு முழுவதும் அவருக்குப் போகிறது.

இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. யான் வான் ஊர்ஸ், மார்ட்டின் வான் டாய்ல் என்ற இரு ஆய்வாளர்கள் நெதர்லாந்தின் முதல்நிலை லீகில் 14 சீசன்களை எடுத்துக்கொண்டார்கள். அணியிடம் என்ன எதிர்பார்க்கப்பட்டது என்பதை அறிய அவர்கள் பயன்படுத்தியது பந்தய விலைகளையே. விலை சொன்னதைவிட அணி எவ்வளவு கீழே போயிருக்கிறது என்று கூட்டிக்கொண்டே வந்தார்கள். பிறகு, நீக்கம் நடந்த அணிகளை, அதே அளவு சரிந்தும் பயிற்சியாளரை மாற்றாத அணிகளோடு ஒப்பிட்டார்கள். மாற்றிய அணிகள் மீண்டன. மாற்றாதவையும் ஏறத்தாழ அதே அளவு மீண்டன. 2016-இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு, சராசரியாகப் பார்த்தால் சீசன் நடுவில் செய்யும் மாற்றத்தால் கூடுதல் பலன் தெரியவில்லை என்பதே.

இப்போது யுனைடெட் கணக்குக்கு வரலாம். இது பொறுமையாகப் பார்க்கத் தகுந்த கணக்கு.

மொரினியோ நீக்கப்பட்டபோது யுனைடெட் 17 லீக் ஆட்டங்களில் 26 புள்ளிகளோடு ஆறாம் இடத்தில் இருந்தது. அடித்த கோல் 29, வாங்கிய கோலும் 29. அதாவது ஆட்டத்துக்குக் கோல் வித்தியாசம் சுழியம். ஆனால் அதற்கு முந்தைய சீசனில், அதே பயிற்சியாளரின் கீழ், பெரும்பாலும் அதே வீரர்களோடு, 68 கோல் அடித்து 28 மட்டுமே வாங்கி 81 புள்ளிகளோடு இரண்டாம் இடம் பிடித்தது. ஆட்டத்துக்கு வித்தியாசம் 1.05. எது உண்மையான யுனைடெட்? நல்ல விலையாளர் இரண்டில் எதையும் முழுதாக நம்ப மாட்டார். வேறு தகவல் எதுவும் இல்லாத நிலையில் இரண்டுக்கும் சரிபாதி எடை கொடுத்தால் 0.53 வருகிறது. மொரினியோவின் அந்த 17 ஆட்டங்களில் மான்செஸ்டர் சிட்டி, லிவர்பூல், செல்சி, டாட்டன்ஹாம், ஆர்சனல் ஆகிய ஐந்து வலுவான அணிகளும் வந்துபோய்விட்டன என்பதும் அந்தச் சுழியத்தை அப்படியே நம்பக் கூடாது என்பதற்கு ஒரு காரணம்.

சோல்ஷ்யரின் முதல் ஆட்டத்தில் யுனைடெட் 5-1 என வென்றது. 2013-இல் அலெக்ஸ் ஃபெர்குசன் விடைபெற்ற ஆட்டத்துக்குப் பிறகு லீக் ஆட்டமொன்றில் அந்த அணி ஐந்து கோல் அடித்தது அதுவே முதல் முறை. அடுத்து ஹடர்ஸ்ஃபீல்டை 3-1, போர்ன்மத்தை 4-1, நியூகாசிலை 2-0. கோப்பை ஆட்டங்களும் சேர்த்துத் தொடர்ச்சியாக எட்டு வெற்றிகள். மார்ச் மாதம் சாம்பியன்ஸ் லீகில், காயத்தால் பலர் இல்லாத நிலையிலும், பாரிசில் பி.எஸ்.ஜி.யை 3-1 என வீழ்த்தியது. முதல் 13 லீக் ஆட்டங்களில் 32 புள்ளிகள். அடித்தது 29, வாங்கியது 11. ஆட்டத்துக்கு வித்தியாசம் கிட்டத்தட்ட 1.4. மார்ச் 28 அன்று சோல்ஷ்யர் நிரந்தரப் பயிற்சியாளர் ஆனார்.

அன்று மாலை புதிதாக விலை போட உட்கார்ந்தவர் 1.4 என்று எழுதியிருந்தால் பெரிதாக நஷ்டப்பட்டிருப்பார். அடுத்த எட்டு லீக் ஆட்டங்களில் யுனைடெட் வென்றது இரண்டே. எவர்ட்டனிடம் 0-4. சீசனின் கடைசி நாளில், ஏற்கெனவே கீழ்நிலைக்குத் தள்ளப்பட்டிருந்த கார்டிஃபிடம் சொந்த மைதானத்தில் 0-2. எட்டு ஆட்டங்களில் எட்டுப் புள்ளிகள். அடித்தது 7, வாங்கியது 14.

சோல்ஷ்யரின் 21 லீக் ஆட்டங்களையும் சேர்த்துப் பார்த்தால் அடித்தது 36, வாங்கியது 25. ஆட்டத்துக்கு வித்தியாசம் 0.52. அவர் வருவதற்கு முன்பே, பழைய இரண்டு எண்களைச் சரிபாதியாகக் கலந்து கிடைத்த 0.53-க்கும் இதற்கும் வேறுபாடே இல்லை. இவ்வளவு துல்லியமாகப் பொருந்தியதில் தற்செயலுக்கும் பங்கு உண்டு. ஆனால் திசை தற்செயலல்ல. அந்த வசந்தகாலத்தில் முடிவுகள் மாறின. அணியின் அடிப்படை வலு அவ்வளவாக மாறவில்லை. நீண்டகால ரேட்டிங் ஏமாற்றவில்லை. ஏமாற்றியவை முதலில் 17 ஆட்டங்களின் சரிவும், பிறகு 13 ஆட்டங்களின் எழுச்சியும்.

மார்ச் 28 அன்று நிதானமான ஒருவர் என்ன எண் எழுதியிருக்கலாம்? இதற்கு ஒரு எளிய முறை உண்டு. பழைய கருத்தை இத்தனை ஆட்டங்களுக்குச் சமம் என்று முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். ஒரே ஆட்டத்தில் கோல் வித்தியாசம் தற்செயலாகவே ஏறத்தாழ 1.7 கோல் அளவுக்கு மேலும் கீழும் ஊசலாடும் என்று கொள்வோம். ஒரு பயிற்சியாளர் மாற்றம் அணியின் உண்மையான வலுவை வழக்கமாக 0.3 கோல் அளவுக்கு நகர்த்தக்கூடும் என்பது நியாயமான ஊகம். 1.7-இன் வர்க்கத்தை 0.3-இன் வர்க்கத்தால் வகுத்தால் 32 வருகிறது. சுமார் 30 என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது பழைய கருத்துக்கு 30 ஆட்ட எடை.

பழையது 30 ஆட்டம், ஒவ்வொன்றும் 0.53, ஆக 15.8 கோல். புதியது 13 ஆட்டம். ஆக 18 கோல். கூட்டி 43-ஆல் வகுத்தால் 0.79. கண்முன்னே நடந்த 1.4-இலிருந்து இது வெகுதூரம். அடுத்த சீசன் முழுவதிலும், 38 ஆட்டங்களில், யுனைடெட் 66 அடித்து 36 வாங்கியது, ஆட்டத்துக்கு 0.79. இடையில் புதிய வீரர்கள் வந்தார்கள், ஜனவரியில் புரூனோ ஃபெர்னாண்டஸ் சேர்ந்து அணியையே தூக்கி நிறுத்தினார். ஆகவே அந்த எண்ணைக் கணக்கின் வெற்றி என்று கொண்டாட முடியாது. ஆனால் கணக்கு எந்தப் பக்கம் இழுத்ததோ அந்தப் பக்கமே உண்மையும் இருந்தது.

அந்த 13 ஆட்டங்களின் உள்ளே பார்த்திருந்தாலும் எச்சரிக்கை தெரிந்திருக்கும். முதல் நான்கு எதிராளிகளில் கார்டிஃபும் ஹடர்ஸ்ஃபீல்டும் அந்த சீசனோடு கீழ்நிலைக்குப் போனவை. மற்ற இரண்டும் பட்டியலின் கீழ்ப்பாதியில் முடிந்தவை. ஜனவரி 13 அன்று டாட்டன்ஹாமை 1-0 என வென்றது பெரிய வெற்றியாகப் பேசப்பட்டது. அன்று யுனைடெட் கோல்கீப்பர் டி கியா 11 முறை பந்தைத் தடுத்தார். ரேட்டிங்கில் அது ஒரு வெற்றி, அவ்வளவுதான். எதிரணிக்கு அத்தனை வாய்ப்புகளைக் கொடுத்துவிட்டு வென்ற ஆட்டம் அது என்பதை அந்த எண் சொல்லாது. ஒவ்வொரு ஷாட்டும் எந்த இடத்திலிருந்து, எந்தக் கோணத்தில் அடிக்கப்பட்டது என்பதைப் பார்த்து அது கோலாகும் வாய்ப்பைக் கூட்டிச் சொல்லும் ‘எதிர்பார்க்கப்பட்ட கோல்’ கணக்கு இந்த இடத்தில்தான் உதவுகிறது. கோல்களைவிட ஷாட்கள் பல மடங்கு அதிகம் என்பதால், தற்செயலின் சத்தம் அதில் விரைவாக அடங்கும்.

இதுவரை சொன்னதை வைத்து, பயிற்சியாளர் மாற்றத்தைக் கண்டுகொள்ளவே தேவையில்லை என்ற முடிவுக்கு வருபவர் அடுத்த கதையில் தடுமாறுவார்.

2021 ஜனவரி 25 அன்று செல்சி அணி ஃபிராங்க் லாம்பார்டை நீக்கியது. மறுநாள் தாமஸ் டூக்கல் வந்தார். சீசனில் சரியாகப் பாதி முடிந்திருந்தது: லாம்பார்டுக்கு 19 லீக் ஆட்டங்கள், டூக்கலுக்கு 19. ஆய்வுக்கென்றே அமைந்ததுபோன்ற பிரிவு. லாம்பார்டின் கடைசி எட்டு ஆட்டங்களில் ஐந்து தோல்வி. முதல் 11 ஆட்டங்களில் 22 புள்ளி எடுத்த அணி அந்த எட்டில் எடுத்தது 7. டூக்கல் பொறுப்பேற்ற பின் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 14 ஆட்டங்கள் தோல்வியே இல்லை. அந்த மே மாதம் செல்சி சாம்பியன்ஸ் லீக் கோப்பையையும் வென்றது. அணி தலைகீழாக மாறிவிட்டது என்று யாரும் சொல்வார்கள்.

ஆனால் கோல் வித்தியாசத்தை மட்டும் பாருங்கள். லாம்பார்டின் 19-இல் அடித்தது 33, வாங்கியது 23, வித்தியாசம் 10. டூக்கலின் 19-இல் அடித்தது 25, வாங்கியது 13, வித்தியாசம் 12. வெறும் இரண்டு கோல் வேறுபாடு. ஒற்றை எண்ணில் ரேட்டிங் வைத்திருந்த விலையாளர், பழைய ரேட்டிங் சரியாகவே இருக்கிறது என்று நிம்மதியாக இருந்திருப்பார். புள்ளிகள் 29-இலிருந்து 38-க்கு ஏறியதை ஓரளவு அதிர்ஷ்டம் என்றும் சொல்லியிருப்பார். அவர் கவனிக்கத் தவறியது வேறொன்று. இரு பக்கமும் சேர்த்து விழுந்த கோல்கள் 56-இலிருந்து 38-ஆகக் குறைந்துவிட்டன. ஆட்டத்துக்கு 2.95 கோல் விழுந்த அணி, ஆட்டத்துக்கு 2.00 கோல் விழும் அணியாகிவிட்டது. தாக்குதலும் குறைந்தது, வாங்குவதும் குறைந்தது. ஒன்றையொன்று ஈடுகட்டியதால் வித்தியாசத்தில் மாற்றம் தெரியவில்லை.

பந்தயச் சந்தையில் வெற்றி தோல்விக்கு மட்டுமல்ல, ஆட்டத்தில் மொத்தம் எத்தனை கோல் விழும் என்பதற்கும் விலை உண்டு. மிகப் பரவலான கோடு இரண்டரை: இரண்டு அல்லது அதற்குக் குறைவா, மூன்று அல்லது அதற்கு மேலா? இங்கேதான் பழைய எண் கடுமையாக ஏமாற்றியது. கோல் எண்ணிக்கைக்கு வழக்கமாகப் பயன்படும் பாய்சான் பரவலில் சராசரி 2.95 என்று போட்டால், மூன்றுக்குக் கீழே முடியும் வாய்ப்பு 43 சதவீதம். நியாயமான விலை 2.30. சராசரி 2.00 என்று போட்டால் வாய்ப்பு 68 சதவீதம், விலை 1.48. நடந்ததைப் பாருங்கள். லாம்பார்டின் 19 ஆட்டங்களில் 8 மூன்றுக்குக் கீழே முடிந்தன. டூக்கலின் 19-இல் 13. அவருடைய முதல் பத்தில் ஒன்பது அப்படித்தான் முடிந்தன. விலகியது ஷெஃபீல்டு யுனைடெட்டை 2-1 என வென்ற ஆட்டம் மட்டுமே, அதிலும் செல்சி வாங்கிய கோல் அதன் சொந்தத் தடுப்பாட்டக்காரர் ரூடிகர் தவறுதலாகத் தன் வலைக்குள் அனுப்பியது. பத்து ஆட்டங்களில் செல்சி வாங்கியது மொத்தம் இரண்டு கோல். பழைய ரேட்டிங்கை அப்படியே வைத்துக்கொண்டு 2.30 என்று தொடர்ந்து விலை சொன்ன நிறுவனம் இருந்திருந்தால், விவரமறிந்த வாடிக்கையாளர்கள் அதை வாரம்தோறும் கறந்திருப்பார்கள்.

இந்த மாற்றத்தை முன்கூட்டியே எப்படி அறிவது? இதற்கு முதல் ஆட்டமே சாட்சி சொன்னது. வுல்வ்ஸுக்கு எதிராக 0-0. முடிவைப் பார்த்தால் ஏமாற்றம். சொந்த மைதானத்தில் கோலே இல்லை. ஆடிய விதத்தைப் பார்த்தவர்களுக்கு அது வேறு அணி. லாம்பார்ட் பெரும்பாலும் நான்கு தடுப்பாட்டக்காரர்களோடு ஆடினார். டூக்கல் முதல் நாளே மூன்று மையத் தடுப்பாட்டக்காரர்களையும் இரு விளிம்புகளில் ஓடுபவர்களையும் வைத்தார். ஆட்டநேரத்தில் முக்கால் பங்குக்கும் மேல் பந்து செல்சியிடமே இருந்தது. எதிரணியிடம் பந்து இல்லாவிட்டால் அது அடிக்கவும் முடியாது. பந்தை வைத்துக்கொண்டு அவசரப்படாமல் ஆடுவதால் நம் வாய்ப்புகளும் குறையும். லாம்பார்டிடம் வாய்ப்பு குறைந்திருந்த ரூடிகர் நிலையான இடம் பெற்றார். மார்கோஸ் அலோன்சோ திரும்பிவந்தார். அடுத்த ஆட்டத்தில், பர்ன்லிக்கு எதிராக, அவரும் அஸ்பிலிக்குவெட்டாவும் ஆளுக்கொரு கோல் அடித்தார்கள். அணிப் பட்டியல், நிற்கும் அமைப்பு, பந்து யாரிடம் எவ்வளவு நேரம் ஆகிய மூன்றும் முடிவுகளைவிட வேகமாக உண்மையைச் சொல்பவை, ஏனென்றால் அவை பயிற்சியாளரின் தீர்மானங்கள். கோல் விழுவதில் தற்செயல் நிறைய. யாரை எங்கே நிறுத்துவது என்பதில் தற்செயல் ஏதும் இல்லை.

அதனால்தான் மொத்தக் கோல் கணக்கில் பழைய கருத்துக்கு 30 ஆட்ட எடை கொடுப்பது அதிகம். அணியின் வலு வீரர்களின் திறமையில் இருக்கிறது. அதைப் பயிற்சியாளர் கொஞ்சம்தான் நகர்த்த முடியும். அணியின் பாணி பெரும்பாலும் அவர் கையில். அதை அவர் அரை கோல் அளவுக்குக்கூட நகர்த்துவார். அதே வகுத்தலைச் செய்தால் மொத்தக் கோலுக்குப் பழைய கருத்தின் எடை சுமார் 11 ஆட்டமாகச் சுருங்குகிறது. டூக்கலின் முதல் பத்து ஆட்டங்களில் இரு பக்கமும் சேர்த்து விழுந்தவை 13 கோல். பழைய 2.95-ஐ 11 ஆட்டமாகவும் புதியதைப் பத்தாகவும் கலந்தால் ஆட்டத்துக்கு 2.16. மூன்றுக்குக் கீழே முடிய நியாயமான விலை 1.58.

கண்ணால் கண்டது ஆட்டத்துக்கு 1.3 கோல் மட்டும்தானே, ஏன் 2.16 என்று தயங்க வேண்டும்? பதில் ஏப்ரல் 3 அன்று வந்தது. அடுத்த லீக் ஆட்டத்திலேயே, பட்டியலின் அடியில் தவித்துக்கொண்டிருந்த வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன், செல்சியை அதன் சொந்த மைதானத்தில் 5-2 என அடித்தது. தியாகோ சில்வா 29-ஆம் நிமிடத்தில் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறியிருந்தார். அதையும் சேர்த்து மீதமிருந்த ஒன்பது ஆட்டங்களில் 25 கோல்கள் விழுந்தன. மூன்றுக்குக் கீழே முடிந்தவை நான்குதான். மாற்றம் உண்மையானதுதான். ஆனால் முதல் பத்து ஆட்டங்கள் காட்டிய அளவுக்குப் பெரிதல்ல. உண்மையான மாற்றத்தின்மேலும் அதிர்ஷ்டம் ஒரு பூச்சு பூசியிருக்கும் என்பதை விலையாளர் மறக்கக் கூடாது.

இந்தத் தயக்கத்தைக் கணக்குக்குள்ளேயே கொண்டுவர வழி உண்டு. அமெரிக்கப் புள்ளியியலாளர் மார்க் கிளிக்மன் சதுரங்கத்துக்காக உருவாக்கிய கிளிக்கோ முறையில், ரேட்டிங்கோடு இன்னொரு எண்ணும் இருக்கிறது: அந்த ரேட்டிங்கை எவ்வளவு நம்பலாம் என்பதற்கான எண். நெடுநாள் ஆடாத ஒருவரின் ரேட்டிங் அப்படியே இருக்கும். நம்பிக்கை மட்டும் குறையும். அவர் திரும்பிவந்து ஆடும்போது ஒவ்வொரு முடிவும் ரேட்டிங்கை வேகமாக நகர்த்தும். பயிற்சியாளர் மாற்றத்துக்கு இதே மருந்து பொருந்துகிறது. நீக்கம் அறிவிக்கப்பட்ட நாளில் அணியின் எண்ணைத் தொடத் தேவையில்லை. அந்த எண்மீதுள்ள நம்பிக்கையைக் குறைத்தால் போதும். தாக்குதல், தடுப்பு இரண்டுக்கும் தனித்தனி எண் வைத்திருப்பவர், பாணி சார்ந்த கணக்கில் நம்பிக்கையைக் கூடுதலாகக் குறைக்கலாம். அதன்பின் வரும் ஆட்டங்கள் தாமே வழக்கத்தைவிட அதிகம் பேசும்.

பந்தய நிறுவனங்கள் இதை வேறு விதத்திலும் செய்கின்றன. நிச்சயமில்லாத ஆட்டத்துக்கு விலையைத் திறக்கும்போது ஒருவர் கட்டக்கூடிய உச்சத் தொகையைக் குறைவாக வைக்கின்றன. சந்தையில் யார் எந்தப் பக்கம் பணம் கட்டுகிறார்கள் என்று பார்த்து விலையைத் திருத்திவிட்டு, பிறகு உச்சத் தொகையை உயர்த்துகின்றன. அணியின் பயிற்சியை நேரில் அறிந்தவர்கள், உள்ளூர்ச் செய்திகளைக் கவனிப்பவர்கள் ஆகியோரின் அறிவு அப்படித்தான் விலைக்குள் நுழைகிறது. ஆட்டம் தொடங்கும் நிமிடத்தில் இருக்கும் கடைசி விலை பெரும்பாலும் திறந்த விலையைவிட உண்மைக்கு நெருக்கமாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

இந்தக் கணக்குக்கு எல்லைகளும் உண்டு. 30, 11 என்ற எடைகள் ஊகத்தின்மேல் நிற்பவை; லீகுக்கு லீக் மாறும், பயிற்சியாளருக்குப் பயிற்சியாளர் மாறும். முற்றிலும் புதிய ஆட்டமுறையோடு வருபவரும், மீதமுள்ள வாரங்களை ஓட்டிவிட நியமிக்கப்பட்ட துணைப் பயிற்சியாளரும் ஒன்றல்ல. டூக்கல் பாரிசிலும் டார்ட்முண்டிலும் பெரிய அணிகளை நடத்தியவர். அந்த அணிகள் எப்படி ஆடின என்பது அவர் லண்டன் வருவதற்கு முன்பே பதிவில் இருந்தது. அவருடைய பழைய அணிகளின் பாணியைச் செல்சியின் எண்ணோடு கலந்து பார்த்தவருக்கு, ஒரு ஆட்டம்கூட நடக்கும் முன்பே ஒரு துப்பு கிடைத்திருக்கும். ஐரோப்பாவின் பெரிய அணி எதையும் அதுவரை நடத்தியிராத சோல்ஷ்யருக்கு அப்படி ஒரு பதிவு இல்லை. அவர் விஷயத்தில் யுனைடெட்டின் பழைய எண்ணைத் தவிர நம்ப வேறெதுவும் இருக்கவில்லை.

அடுத்த முறை ஒரு பெரிய அணி பயிற்சியாளரை மாற்றி, எட்டில் ஏழு வென்றது என்ற தலைப்பை நீங்கள் படித்தால், மூன்று விவரங்களைத் தேடிப் பாருங்கள். அந்த எட்டு எதிராளிகள் யார், அணி நிற்கும் அமைப்பும் ஆடும் ஆட்களும் மாறியிருக்கிறார்களா, அணி வாங்கும் ஷாட்கள் குறைந்திருக்கின்றனவா. மூன்றாவது கேள்விக்கு இல்லை என்பது பதிலானால், பழைய ரேட்டிங்கை இன்னும் அழிக்காதீர்கள்.